ஈடிஎல், ஒத்திசைவு: தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்விழி:

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தள வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈடிஎல் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஓரிடத்தில் இருக்கும் தரவை எடுப்பது, வேண்டிய வடிவத்துக்கு மாற்றுவது, இன்னோரிடத்தில் ஏற்றுவது என்ற மூன்று வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அவை. "எடுத்து மாற்றி ஏற்றல்" என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் புரிகிறது.

என் உண்மையான சிக்கல் அடுத்த பத்தியில். ஒரே ஒரு முறை தரவை நகலெடுப்பதும், நாள்தோறும் அல்லது மணிக்கொரு முறை இரண்டாவது இடத்தை முதல் இடத்தோடு பொருத்தி வைப்பதும் வேறு வேறு வேலைகள். நான் இரண்டையும் "நகல்" என்றே எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தவர், "இரண்டும் ஒன்றுதானே, ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம், அவ்வளவுதானே?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒத்திசைவு என்று போடலாமா?

இளங்கோ:

கயல், முதலெழுத்துகளைச் சேர்த்து மட்டும் சுருக்கிவிடாதீர்கள். எடு, மாற்று இரண்டையும் ஒட்டினால் "எமாற்று" என்று வருகிறது. ஒரு கால் நீண்டால் கதை கந்தல்.

இன்னொன்று. இப்போது பல இடங்களில் முதலில் அப்படியே ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் மாற்றுகிறார்கள். எனவே வரிசையைச் சொல்லில் பூட்டி வைப்பது சரியில்லை.

ஒத்திசைவு பற்றி: உங்களிடம் கேட்டவர் சொன்னதுதான் சரி. இரவு 12 மணிக்கு நகலெடுக்கும் கட்டளையை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டால் அதுதான் ஒத்திசைவு. "தினநகல்" போதும். புதுச் சொல் எதற்கு?

தேவகி:

இளங்கோ, வரிசை பற்றிச் சொன்னது சரி. தினநகல் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு நூலகத்தின் உறுப்பினர் அட்டவணையில் 40,000 வரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறிக்கை தயாரிக்க அதை வேறொரு தரவுத்தளத்துக்குக் கொண்டு போகிறோம். எடுக்கும்போது மூலத்தில் எதுவும் குறைவதில்லை, வெறுமனே படிக்கிறோம். நடுவில் 1, 0 என்று இருக்கும் நிலையை "நடப்பில்", "முடிந்தது" என்று மாற்றுகிறோம். எழுத்தாகக் கிடக்கும் 05/03/24 மார்ச்சா மே மாதமா என்று முடிவு செய்து தேதியாக்குகிறோம். பிறகு ஏற்றுகிறோம். 40,000 போயிற்று. ஒரு முறை நகல் என்றால் வேலை இத்துடன் முடிந்தது.

மறுநாள் 12 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், 30 பேரின் விவரம் மாறுகிறது. அதே கட்டளையை அப்படியே மறுபடி ஓட்டுங்கள். 40,012 வரிசைகள் பழைய 40,000-க்கு மேல் போய் உட்காரும். அறிக்கையில் 80,012 உறுப்பினர்கள்! இது நல்ல பிழை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கெட்ட பிழை வேறு. "புதிய எண் உள்ளவர்களை மட்டும் சேர்" என்று திருத்துகிறோம். 12 பேர் வந்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் 40,012, அந்தப் பக்கமும் 40,012. எண்ணிக்கை பொருந்துகிறது, எல்லோரும் நிம்மதி. ஆனால் அந்த 30 பேரும் பழைய விவரத்தோடு அப்படியே இருக்கிறார்கள். வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஆக, திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு ஒரு முறை நகலுக்குத் தேவைப்படாத இரண்டு விஷயங்கள் தேவை. ஒன்று, போன முறை எதுவரை வந்தோம் என்ற நினைவு. வரிசை மாறிய நேரம் `updated_at` என்ற நெடுவரிசையில் இருந்தால், போன முறைக்குப் பின் மாறிய 42 வரிசைகளை மட்டும் எடுக்கலாம். இன்னொன்று, ஏற்றும் விதம். ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.5 பதிப்பு முதல் இப்படி எழுதலாம், இலக்கில் `id` முதன்மைச் சாவியாக இருக்க வேண்டும்:

```sql
INSERT INTO report_members (id, name, status)
VALUES (217, 'மலர்', 'நடப்பில்')
ON CONFLICT (id) DO UPDATE
SET name = EXCLUDED.name, status = EXCLUDED.status;
```

இதை ஒரு முறை ஓட்டினாலும் பத்து முறை ஓட்டினாலும் மலர் ஒரே வரிசைதான்.

ரஹீம்:

ஒத்திசைவு மிக ஆபத்தானது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புது ஃபோன் வாங்கி, தொடர்பு எண்களை ஒத்திசைக்கச் சொன்னேன். பழைய ஃபோனில் இடமில்லையே என்று அதில் பாதி எண்களை அழித்தேன். சற்று நேரத்தில் புதியதிலும் அவை இல்லை. நகலெடுத்தாயிற்று, பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எனவே "இது நகல் அல்ல" என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

தேவகி:

ரஹீம், உங்களுக்கு நடந்தது இருவழிப் போக்கு. எந்தப் பக்கம் அழித்தாலும் மறுபக்கமும் அழியும். கயல் கேட்பது ஒருவழி. மூலம்தான் ராஜா, இலக்கு அதைப் பின்தொடர்கிறது, அவ்வளவே. ஆனால் நீங்கள் குழம்பியதே ஒத்திசைவு என்ற சொல்லுக்கு எதிரான சாட்சி. ஒத்து இசைவது என்றாலே இரு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போவதுபோல் ஒலிக்கிறது.

கயல்விழி:

ரஹீம் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு கேள்வி பிறக்கிறது, அக்கா. மூலத்தில் 5 பேரை நீக்கிவிட்டால்? நீக்கிய வரிசைக்கு `updated_at` ஏது?

தேவகி:

கிடையாது. வரிசையே போய்விட்டதே. "மாறியவற்றைக் கொடு" என்று கேட்டால், இல்லாதது எப்படி வந்து நிற்கும்? இலக்கில் அந்த 5 பேரும் காலத்துக்கும் உறுப்பினர்களாக இருப்பார்கள். மூலத்தைவிட இலக்கில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீக்காமல் "நீக்கப்பட்டது" என்று மூலத்திலேயே குறி போட்டு வைப்பது ஒரு வழி. அல்லது இரு பக்க உறுப்பினர் எண்களையும் அவ்வப்போது ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாததை இலக்கிலும் நீக்கலாம். தரவுத்தளம் தனக்காக எழுதிவைக்கும் மாற்றப் பதிவேட்டைப் படித்தால் நீக்கமும் தெரியும், அதற்கு ஏற்பாடு கொஞ்சம் அதிகம்.

இன்னொரு பள்ளம், நானே விழுந்தது. ஒருவர் விவரத்தை 11:59:58-க்கு மாற்றினார்கள். அது உறுதியாகிப் பிறர் கண்ணுக்குத் தெரிந்தது 12:00:03-க்கு. நம் வேலை 12:00:00-க்குப் படித்துவிட்டது, அதற்கு அது தெரியவில்லை. "12:00:00 வரை முடிந்தது" என்று குறித்துவைத்தது. மறுநாள் அதற்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்டது. அந்த வரிசையில் இருப்பதோ 11:59:58. அது இனி மறுபடி மாறினால்தான் வரும். அதனால் குறித்த நேரத்திலிருந்து 10 நிமிடம் பின்னால் போய்த்தான் இப்போதெல்லாம் படிக்கிறோம்:

```sql
SELECT * FROM members
WHERE updated_at >= '2025-03-04 23:50:00';
```

சில வரிசைகள் இரண்டாம் முறையும் வரும், வரட்டும். இருந்தால் திருத்து என்பதால் கெடுதல் இல்லை. ஆனால் 10 நிமிடம் என்பது மந்திர எண் அல்ல. போஸ்ட்கிரெஸின் `now()` பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தைத்தான் தரும். 20 நிமிடம் ஓடும் பரிவர்த்தனை ஒன்று அதை வைத்து நேரம் பதித்தால், முடியும்போதே அதன் முத்திரை 20 நிமிடம் பழையது. உங்கள் மூலத்தில் மிக நீண்ட பரிவர்த்தனை எவ்வளவோ, அதைவிட அதிகமாகப் பின்னால் போக வேண்டும்.

இளங்கோ:

இத்தனை தொல்லைக்குப் பதில் இலக்கைக் காலி செய்துவிட்டு 40,000-ஐயும் தினமும் புதிதாக ஏற்றிவிடலாமே? இரட்டிப்பு இல்லை, பழைய விவரம் இல்லை, நீக்கமும் தானே சரியாகிவிடும். என் தினநகல் உயிரோடுதான் இருக்கிறது!

தேவகி:

ஒப்புக்கொள்கிறேன். 40,000 வரிசைக்கு நானும் அதைத்தான் செய்வேன். ஒரே பரிவர்த்தனைக்குள் காலி செய்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அறிக்கை பார்ப்பவருக்குச் சுழியம் தெரியும். வேலை பாதியில் செத்தால் காலையிலும் சுழியம்தான். 40 கோடி வரிசை என்றாலோ, 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்றாலோ இந்த வழி எடுபடாது.

சோமசுந்தரம்:

எனக்குத் தரவுத்தளம் தெரியாது, சொல் மட்டும் கொஞ்சம் தெரியும். அம்மையார் எழுதியதைப் படித்த வரையில் சில குறிப்புகள்.

எடுத்தல் என்றால் மூலத்தில் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். படம் எடுத்தால் ஆள் காணாமல் போவதில்லை, நகல் எடுத்தால் மூலமும் இருக்கிறது. எடுத்தல் நல்ல சொல். "பிரித்தெடுத்தல்" என்று போட்டால்தான் அந்த ஐயம் வரும்.

போன முறை எதுவரை வந்தோம் என்ற குறிப்புக்கு வாட்டர்மார்க் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து "நீர்க்குறி" என்று ஓரிடத்தில் பார்த்தேன். அது தாளில் தெரியும் மறைகுறி. வெள்ளம் ஏறி நின்ற மட்டத்தைக் குறிக்கும் சொல் அல்லவா அங்கே வேண்டும்? நம்மிடம் விட்ட குறை, தொட்ட குறை என்ற வழக்கு இருக்கிறது. "விட்டகுறி" எனலாமே. விட்ட இடத்தின் குறி.

தொடர்ந்து புதுப்பிக்கப்படும் நகலுக்கு "இற்றைப்படி". இற்றை என்றால் இன்றைய, படி என்றால் நகல். ஒரு முறை எடுப்பது வெறும் "படி".

இளங்கோ:

விட்டகுறி அருமை, ஐயா! இற்றைப்படி மட்டும் எனக்கு "இற்றுப்போன படி" என்று கேட்கிறது. அதோடு படி என்றால் மாடிப்படியா, படிக்கச் சொல்கிறார்களா, அதன்படியா? தேடினால் எல்லாம் வந்து விழும்.

சோமசுந்தரம்:

இற்றைப்படுத்துதல் என்று இணையத்தில் ஏற்கெனவே எழுதுகிறார்கள், அது எவர் காதிலும் இற்றுப்போகவில்லை. "படி" மீதான குறை நியாயம். "இற்றைநகல்" என்றால்?

தேவகி:

ஒரு தயக்கம். இற்றைநகல் என்பது கிடைக்கும் பொருளின் பெயர். எங்களுக்கு அந்த வேலைக்கும் பெயர் வேண்டும். நள்ளிரவில் எதுவும் ஓடாமல் நின்றுபோனால் "ஒத்திசைவு நின்றுவிட்டது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் குழுவில் சிங்க் என்றுதான் பேசுகிறோம், அதை மாற்ற முடியும் என்று தோன்றவில்லை. எழுத்தில் "ஒருவழி ஒத்திசைவு" என்று போட்டால் ரஹீம் விழுந்த பள்ளத்தில் பிறர் விழமாட்டார்கள்.

ரஹீம்:

ஒருவழி என்று எழுதியிருந்தால் நான் அழித்திருக்கவே மாட்டேன். சரி, அழித்திருப்பேன், ஆனால் தைரியமாக அழித்திருப்பேன்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி எழுதி வைக்கிறேன்:

> எடுத்து மாற்றி ஏற்றலை ஒரு முறை செய்தால் கிடைப்பது அன்றைய நகல். மறுநாளே அது பழசாகிவிடும். ஒருவழி ஒத்திசைவு விட்டகுறியைப் பார்த்து, அதற்குச் சற்று முன்பிருந்து மாறியவற்றை எடுக்கும். இருப்பதைத் திருத்தும், இல்லாததைச் சேர்க்கும். மூலத்தில் நீக்கியது இதற்குத் தானாகத் தெரியாது.

கையேட்டில் இற்றைநகலை அடைப்புக்குள் வைக்கப்போகிறேன், பிடிக்காதவர்கள் சொல்லுங்கள். "இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்" என்பதற்கு ஒரே சொல் யாரிடமாவது இருக்கிறதா? "திருத்திச் சேர்" என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வரிசையைத் திருத்திவிட்டு அப்புறம் சேர்ப்பதுபோல் இருக்கிறது, அது தவறு.