சராசரி இழப்பு 18 வந்த பையனா, 46 வந்த பெண்ணா? நாலாவது போர்டுக்கு யாரைப் போடுவது?

ரோஸ்ஹில்_வாத்தியார்
வணக்கம். மொரீஷியசில் ஒரு காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், சாயங்காலம் செஸ் கிளப்பையும் பார்த்துக்கொள்கிறேன். அணியில் நாலாவது போர்டு காலி. ஒரு பையன், ஒரு பெண், இரண்டு பேரில் ஒருவரைப் போடவேண்டும். தைப்பூச விடுமுறையில் உட்கார்ந்து, இருவரின் கடைசி ஆட்டத்தையும் ஸ்டாக்ஃபிஷ் செஸ் எஞ்சினில் ஓட்டினேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் இருந்த மதிப்பிலிருந்து பின்னால் வந்த மதிப்பைக் கழித்து, சராசரி எடுத்தேன். கணக்கு சென்டிபானில், அதாவது ஒரு சிப்பாயின் மதிப்பில் நூறில் ஒரு பங்கு.

பையன்: 32 நகர்த்தல், மொத்த இழப்பு 576 சென்டிபான், சராசரி 18. டிரா.
பெண்: 37 நகர்த்தல், மொத்தம் 1702, சராசரி 46. ஜெயித்தாள்.

பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பெண் ஆடியதுதான் ஆட்டம் என்று என் கண் சொல்கிறது, எண் தலைகீழாகச் சொல்கிறது. கணக்கில் எங்கே தப்பு?

கரும்புத்தோட்டம்
எஞ்சின் முன்னோக்கி யோசிக்கும் ஆழம், அந்த டெப்த் போதாது சார். 12ல் ஓட்டியிருப்பீர்கள், 25 வையுங்கள். எனக்கும் இப்படித்தான் ஆச்சு, சில நகர்த்தலுக்கு இழப்பு மைனஸில்கூட வந்தது.

ரோஸ்ஹில்_வாத்தியார்
22ல் ஓட்டினேன். மைனஸ் வந்ததைப் பூஜ்யமாக்கிவிட்டேன். திரும்ப ஓட்டியும் 17, 45 என்றுதான் வருகிறது.

மூன்றாம்_யானை
டெப்த் இல்லை அண்ணே. பெண்ணின் ஆட்டத்தில் பெரிய இழப்பு வந்த மூன்று நகர்த்தலை, முன் மதிப்பு பின் மதிப்போடு போடுங்களேன்.

ரோஸ்ஹில்_வாத்தியார்
28ஆவது: +980லிருந்து +560. ராணியை மாற்றிக்கொண்டாள்.
31ஆவது: +970லிருந்து +580. யானையை மாற்றினாள்.
19ஆவது: +20லிருந்து −110. குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். எதிராளி அடுத்த நகர்த்தலிலேயே தவறவிட்டான்.

மூன்றாம்_யானை
பதில் இங்கேயே இருக்கிறது. ஒரு காய் மிச்சமாக இருக்கும்போது ராணியை மாற்றிக்கொள் என்று கிளப்பில் நீங்களேதானே சொல்லிக்கொடுக்கிறீர்கள்? அதைச் செய்ததற்கு எஞ்சின் 420 அபராதம் போட்டிருக்கிறது. +980ம் ஜெயிப்புதான், +560ம் ஜெயிப்புதான். லீசெஸ் தளம் இதற்காகவே மதிப்பை வெற்றி வாய்ப்பாக மாற்றுகிறது:

```python
import math

def win(cp):
    cp = max(-1000, min(1000, cp))
    return 50 + 50 * (2 / (1 + math.exp(-0.00368208 * cp)) - 1)
```

+980க்கு 97.4 வருகிறது, +560க்கு 88.7. ஆக 28ஆவது நகர்த்தலின் விலை 8.7 புள்ளி. 19ஆவதைப் பாருங்கள்: 51.8லிருந்து 40.0, விலை 11.8. சென்டிபானில் 130 மட்டுமே காட்டிய அந்தக் குதிரைதான் 420ஐ விடப் பெரிய தப்பு. உங்கள் கண் பார்த்ததும் அதுதான்.

போர்ட்லூயி_சிப்பாய்
அப்போ விஷயம் முடிந்தது. சென்டிபானைத் தூக்கிப் போட்டுவிட்டு வெற்றி வாய்ப்பு இழப்பைச் சராசரி எடுங்கள், யாரை யாரோடு வேண்டுமானாலும் ஒப்பிடலாம்.

மூன்றாம்_யானை
பாதி சரி தம்பி. ஜெயித்த நிலையில் ஊதிப்போகும் எண்ணை அது அடக்கும். ஆனால் நிலை எவ்வளவு கடினம் என்று அதற்குத் தெரியாது. அந்த 28ஐயும் 31ஐயும் எடுத்துவிட்டால்கூடப் பெண்ணுக்கு 35 நகர்த்தலில் 892, சராசரி 25. இன்னும் 18க்கு மேலேதான் இருக்கிறது.

வாத்தியாரே, பையனின் 32 நகர்த்தலில் அவன் உண்மையில் யோசிக்கவேண்டி வந்தது எத்தனை?

ரோஸ்ஹில்_வாத்தியார்
நல்ல கேள்வி. பிரெஞ்சு எக்ஸ்சேஞ்ச் என்ற அமைதியான தொடக்கம். முதல் 5 மனப்பாடம். திருப்பி எடுத்தே ஆகவேண்டிய இடம் 4. கடைசி 8 யானையை இங்கும் அங்கும் ஆட்டினார்கள், மதிப்பு 0.00லேயே நின்றது. மதிப்பு ஆட்டம் முழுக்க ஒரு சிப்பாய் அளவைத் தாண்டவே இல்லை.

பெண்ணுக்கு மனப்பாடம் 7, வேறு வழியில்லாதது 3.

மூன்றாம்_யானை
அப்போ பையனின் 17 நகர்த்தல் பூஜ்யங்கள். அந்த 576 முழுக்க மீதி 15ல் விழுந்தது, சராசரி 38. பெண்ணுக்கு மீதி 25ல் 892, சராசரி 36. இடைவெளி காணாமல் போச்சு.

ஆனால் இதை வைத்து பெண்தான் மேல் என்று எழுதிவிடாதீர்கள். எதை வெட்டுவது என்று நான் முடிவு செய்ததால் வந்த 36 அது. வேறொருவர் வேறு மாதிரி வெட்டினால் வேறு எண் வரும். ஐந்து நல்ல நகர்த்தல் கிடைக்கும் நிலையும், ஒரே ஒரு நகர்த்தல்தான் காப்பாற்றும் என்ற நிலையும் ஒரே சராசரிக்குள் உட்கார்ந்தால் அந்த எண் ஆளைப் பற்றிப் பேசாது, அவர் எந்த மாதிரி ஆட்டத்தில் மாட்டினார் என்பதைத்தான் பேசும். 2006ல் கீட், பிராட்கோ என்ற இரு ஆய்வாளர்கள் உலக சாம்பியன்களின் ஆட்டங்களை கிராஃப்டி எஞ்சினில் ஓட்டினார்கள். காபாபிளாங்காவுக்குப் பிழை மிகக் குறைவாக வந்தது. அவர் எளிய நிலைகளாகப் பார்த்து ஆடுகிறவர் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்கவேண்டியிருந்தது.

கடற்கரை_கிங்
நடுவில் ஒரு சந்தேகம். நேற்று ஆன்லைனில் என்னை 17 நகர்த்தலில் தோற்கடித்தவனுக்கு 98 சதவீதத் துல்லியம். எஞ்சின் வைத்துத்தானே ஆடினான்?

மூன்றாம்_யானை
நீங்கள் ராணியை எத்தனையாவதில் விட்டீர்கள்?

கடற்கரை_கிங்
9ல்.

மூன்றாம்_யானை
அதற்கப்புறம் என் அத்தைகூட 98 எடுப்பார்.

போர்ட்லூயி_சிப்பாய்
சரி, ஜெயித்த நிலை, தோற்ற நிலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மதிப்பு −150க்கும் +150க்கும் நடுவில் இருக்கும் நகர்த்தல்களை மட்டும் எடுத்தால்?

மூன்றாம்_யானை
செய்யலாம், நகர்த்தலுக்கு முன் இருந்த மதிப்பை மட்டும் பார்த்து வடிகட்டினால். பின் மதிப்பையும் சேர்த்து வடிகட்டினால், +20லிருந்து −600க்கு விழுந்த நகர்த்தல் கணக்கிலிருந்தே ஓடிவிடும். எவ்வளவு பெரிய தப்போ அவ்வளவு சுத்தமாக மறையும். ஒருமுறை நானே இப்படி மாட்டி, என் ஆட்டம் அபாரம் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாத்தியாரே, உங்கள் கேள்விக்கு ஆட்டங்களை விட்டுவிடுங்கள். வேறு யாரோ ஆடிய ஆட்டங்களிலிருந்து 20, 30 நிலை எடுங்கள், முன் மதிப்பு சமநிலைக்குப் பக்கத்தில். இரண்டு பிள்ளைகளுக்கும் அதே நிலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். நிலைக்கு நிலை யார் குறைவாக இழந்தார் என்று எண்ணுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு பெரிய சொதப்பல் மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

கரும்புத்தோட்டம்
ஆனால் உட்கார்ந்து யோசிப்பது வேறு, கடிகாரம் ஓடும்போது ஆடுவது வேறு. பெண் ஜெயித்ததே நேர நெருக்கடியில்தானோ என்னவோ.

மூன்றாம்_யானை
ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சோதனை அதை அளக்காது. அதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை.

ரோஸ்ஹில்_வாத்தியார்
இன்று 12 நிலைதான் முடிந்தது, பிள்ளைகளுக்கு டியூஷன். பெண் மேல் 5ல், பையன் மேல் 3ல், மீதி 4ல் இருவரும் ஒரே நகர்த்தல்.

மூன்றாம்_யானை
5க்கு 3 என்பது காசு சுண்டினாலும் வரும்.

ரோஸ்ஹில்_வாத்தியார்
தெரியும் ஐயா. வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்கவேண்டும், இன்னும் 18 நிலை மிச்சம். முடியாவிட்டால் ஒரு சுற்று அவன், ஒரு சுற்று அவள்.

கடற்கரை_கிங்
அந்த 12 நிலையையும் இங்கே போடுங்களேன், நானும் பார்க்கிறேன். ராணி இல்லாத நிலையாக இருந்தால் நல்லது.