கவுன்சிலிங்கில் மாதம் ஒன்றரை லட்சம் வருமா?

சேலம் பாலாஜி: பேங்க் வேலையை விட்டுவிட்டு மனநல கவுன்சிலிங் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். ஒரு வருட டிப்ளமோ போதுமாம். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய், நாளைக்கு ஐந்து பேர், மாதம் இருபது நாள். ஒன்றரை லட்சம். கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மீனா: பெருக்கல் சரிதான். அந்த ஐந்து பேர் எங்கிருந்து வருவார்கள்? நான் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண்ணும் கையில் வைத்துக்கொண்டு தனியாக ஆரம்பித்த முதல் வருடத்தைச் சொல்கிறேன். ஃபீஸ் 800. மாதம் நாற்பது பேர் நேரம் கேட்பார்கள், இருபத்தெட்டு பேர் வருவார்கள். கையில் வந்தது 22,400. அறை வாடகை மணிக்கு 200. ஆள் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும், அதில் 8,000 போச்சு. சூப்பர்விஷனுக்கு மாதம் இரண்டு முறை, 3,000. மிச்சம் 11,400.

சேலம் பாலாஜி: என் மைத்துனியின் தோழி 1,500 வாங்குகிறார். ஜிபே வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கோவை ரகு: ஆர்.சி.ஐ. நம்பர் இல்லாமல் கவுன்சிலர் என்று போர்டு மாட்டினாலே கேஸ்தான் பாலாஜி. ஜாக்கிரதை.

மீனா: ரகு சார், பாதி தெரிந்துகொண்டு பயமுறுத்தாதீர்கள். அந்தப் பதிவு ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்வதற்கு. வெறும் கவுன்சிலர் போர்டை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் மாட்டலாம், வயிற்றெரிச்சலே அதுதான். துணை மருத்துவத் தொழில்களுக்கு 2021இல் வந்த சட்டத்தின் பட்டியலில் கவுன்சிலர்களும் சோஷியல் வொர்க்கர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்த நிலைமை இப்படியே இருக்கும் என்று நம்பி வேலையை விட வேண்டாம்.

கோவை ரகு: போன மாதம் மருந்து விஷயத்திலும் இப்படித்தான் குறுக்கே விழுந்தீர்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவன் வாயைத் திறந்தால் உங்களுக்குப் பிடிக்காது. பத்து வருடமாகப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் 26,000, ஆனால் ஒன்றாம் தேதி வருகிறது. உங்கள் 11,400 அப்படி வருமா?

மீனா: வராது. அதைத்தானே நானும் சொல்கிறேன்!

தேன்மொழி: நான் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தேன். யுஜிசி சைக்காலஜிக்கு அஞ்சல் வழியை நிறுத்திவிட்டதாமே, என் சர்டிஃபிகேட் செல்லாதா?

மீனா: நிறுத்தியது 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்துதான். நீங்கள் முடித்தது அதற்கு முன்பு, பயப்படாதீர்கள். ஆனால் ஒரு கேள்வி: படிக்கும்போது நோயாளி எதிரே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள்?

தேன்மொழி: உட்காரவில்லை. புராஜெக்டுக்கு கேள்வித்தாள் கொடுத்து வாங்கினேன்.

சேலம் பாலாஜி: பேச்சு எங்கேயோ போகிறது. 1,500 உண்டா இல்லையா?

மீனா: உண்டு, பெயர் எடுத்தவர்களுக்கு அதற்கு மேலும் உண்டு. ஆனால் நான் மாதம் 3,000 எதற்குக் கொடுத்தேன் என்று கேளுங்கள். ஒரு பெண் வந்தார். தூக்கமில்லை, எரிச்சல், வீட்டுக்காரரோடு தினமும் சண்டை. மூன்று வாரம் குடும்பத் தகராறு என்றே நினைத்துப் பேசினேன். என் குறிப்பைப் படித்த சூப்பர்வைசர் மேடம் இரண்டே கேள்வி கேட்டார்: “எடை குறைந்ததா? கை நடுங்குகிறதா?” நான் கேட்கவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால் தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் இரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் மேற்பார்வையில் வேலை பார்த்தவள் நான். டிப்ளமோவில் இதைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கோவை ரகு: மூன்று வாரம் தைராய்டைக் கண்டுபிடிக்காதவருக்குத்தான் எம்.ஃபில். பெருமையா? எங்கள் ஸ்கூல் நர்ஸம்மா முதல் நாளே கேட்டிருப்பார்.

மீனா: தப்பு செய்தேன் என்று நானாகச் சொன்னதை வைத்தே அடிக்கிறீர்கள். பள்ளியில் உங்கள் குறிப்பை யார் படிக்கிறார்கள்?

கோவை ரகு: ஹெச்.எம். படிக்கிறார்.

மீனா: ஹெச்.எம்.மா? பிள்ளை ரகசியமாகச் சொன்னதை ஹெச்.எம். படிக்கிறாரா?!

கோவை ரகு: ரிஜிஸ்டரைத்தான் சொன்னேன். வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

தேன்மொழி: அக்கா, எனக்கு சூப்பர்வைசர் எப்படிக் கிடைப்பார்? திருச்சியில் இருக்கிறேன்.

மீனா: வீடியோவிலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் ஒரு மருத்துவமனையிலோ மறுவாழ்வு மையத்திலோ உட்கார இடம் தேடுங்கள். முதல் ஆறு மாதம் காசு எதிர்பார்க்காதீர்கள்.

கோவை ரகு: பாருங்கள், இலவசமாக வேலை பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்.

சேலம் பாலாஜி: சரி மேடம், மைத்துனியின் தோழியிடமே கேட்டுவிட்டேன். வாரத்துக்கு நாலு பேராம். ஆனால் 1,500 என்று நான் சொன்னது சரிதானே?