கல்கலாவுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

நிஜாம்:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். குர்ஆன் ஓதக் கற்பவர்களுக்காக ஒரு சிறு தஜ்வீத் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சொல் கிடைத்துவிட்டது, கல்கலாவில்தான் மாட்டிக்கொண்டேன். பெரிய காஃப், தோ, பா, ஜீம், தால் ஆகிய ஐந்தும் உயிரொலி இல்லாமல் சுகூன் பெற்று வரும்போது லேசாகத் துள்ளுகின்றன இல்லையா, "குத்பு ஜத்" என்று மனப்பாடம் செய்வோமே, அந்த ஐந்துக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு "எதிரொலிக்கும் எழுத்துகள்" என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

காதர்:

நிஜாம் பாய், எதிரொலி அதிகமானால் ஓதுவது கெட்டுப்போகும். நான் மைக் செட்டைக் கவனித்துக்கொள்பவன், அனுபவத்தில் சொல்கிறேன். எக்கோவைக் கூட்டி வைத்தால் எல்லா எழுத்தும் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும், கடைசி எழுத்து இரண்டு தடவை கேட்கும். ஓதும்போது முழுக்கக் குறைத்துவிடுங்கள். அதிலும் குறிப்பாக சூரா இக்லாஸ் ஓதும்போது "அஹத்… ஹத்… த்" என்று போய்க்கொண்டே இருக்கும், கேட்கச் சகிக்காது.

நிஜாம்:

காதர் பாய், நான் கேட்டது மைக் எக்கோவைப் பற்றி இல்லை :) ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. எதிரொலி என்றால் வெளியே போன ஒலி எங்கேயோ மோதி மறுபடி வருவது. மாணவன் அந்தச் சொல்லைப் படித்தால் எழுத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டும் போல என்றுதான் நினைப்பான். என் மருமகன் அப்படித்தான் "அஹத்-த்" என்று ஓதுகிறான், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

இளங்கோ:

எனக்கு அரபு தெரியாது, தமிழ் இலக்கணம் கொஞ்சம் தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதற்குப் புதிதாகச் சொல்லே தேவையில்லை, நம்மிடமே இருக்கிறது: குற்றியலுகரம். நாடு, காசு, பாக்கு என்று வல்லெழுத்தின் மேல் ஏறி வருகிற உகரம் ஒரு மாத்திரை ஒலிக்காமல் அரை மாத்திரைதான் ஒலிக்கும், இதழும் குவியாது. வல்லெழுத்துக்குப் பின்னால் கேட்கிற ஒரு சின்ன ஒலி, அதுதானே இதுவும்? "குறுகிசை எழுத்து" என்றோ "குற்றியல் எழுத்து" என்றோ வைத்துவிடலாம்.

ஆயிஷா:

இளங்கோ ஐயா, பாதி வழி சரியாக வந்துவிட்டீர்கள், மீதிப் பாதியில்தான் தமிழ் பேசுகிற மாணவர்கள் எல்லோரும் விழுகிறார்கள். பல வருடங்களாகப் பெண்களுக்கு ஓதக் கற்றுக்கொடுக்கிறேன், கல்கலாவில் நான் திருத்துகிற முதல் தவறே இந்தக் குற்றியலுகரம்தான்.

தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. அப்படி முடிகிற வேற்றுமொழிச் சொல் வந்தாலும் நம் வாய் சும்மா இருக்காது, பஸ் "பஸ்ஸு" ஆகும், சாக் "சாக்கு" ஆகும். அதே பழக்கத்தில் "ஃபலக்" என்பது "ஃபலகு" ஆகிறது, "அஹத்" என்பது "அஹது" ஆகிறது. அரை மாத்திரையோ கால் மாத்திரையோ, உகரம் உகரம்தான், உயிர் வந்துவிட்டது. கல்கலாவில் உயிரே கிடையாது. எழுத்துக்கு ஹரகத் என்கிற உயிர்க்குறி இல்லை என்பதால்தானே அங்கே கல்கலாவே வருகிறது?

ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் பெயரை நீங்களே பாருங்கள். இந்த ஐந்தும் சொல்லும்போது மூச்சும் ஓடாது, ஒலியும் ஓடாது, இரண்டும் அடைபடும். "ஸீன்" மீது சுகூன் வந்தால் "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டே இருக்கலாம், சிக்கல் இல்லை. சின்ன காஃபும் தாவும் ஒலியை அடைப்பவைதான், ஆனால் அவற்றுக்கு மூச்சு உண்டு, அந்த மூச்சு வெளியே வரும்போது எழுத்து காதில் விழுந்துவிடும். தாலுக்கு அந்த வழியும் இல்லை. நாக்கு நுனி மேல்பல் வேரில் போய் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றால் கேட்பவருக்கு "அஹ" மட்டும்தான் கேட்கும். அதனால் ஒட்டிய நாக்கைச் சட்டென்று விடுவிக்கிறோம், அந்த விடுவிப்பில் எழுகிற ஒலிதான் கல்கலா.

சாதாரணமாக ஹரகத் உள்ள எழுத்திலும் நாக்கு ஒட்டிப் பிரியத்தான் செய்கிறது. ஆனால் அங்கே கூடவே வாய் திறக்கும், அல்லது உதடு குவியும், அல்லது தாடை கீழ்ப்பக்கம் சாயும். கல்கலாவில் பிரிவது மட்டும் உண்டு, இந்த மூன்றும் கிடையாது. வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

நிஜாம்:

அக்கா, இதை ஒரு எடுத்துக்காட்டோடு சொன்னால் அப்படியே கையேட்டில் போட்டுவிடுவேன். காதர் பாய் சொன்ன சூரா இக்லாஸையே எடுத்துக்கொள்ளலாமா? வக்ஃப் செய்து நிறுத்தும்போது கல்கலா பலமாக வரும், நடுவில் வந்தால் லேசாக வரும் என்று படித்திருக்கிறேன்.

ஆயிஷா:

தாராளமாக. ஒவ்வொரு ஆயத்திலும் நிறுத்தி ஓதினால் அதில் தாலில் ஐந்து கல்கலா வரும்: அஹத், ஸமத், யலித், யூலத், கடைசியில் மறுபடி அஹத். இதில் யலித் மட்டும் தனி, அங்கே நிறுத்துவதில்லை, "லம் யலித் வ லம் யூலத்" என்று தொடர்ந்து போகிறோம். "லம்" வந்ததால் தாலுக்கு ஏற்கனவே சுகூன் இருக்கிறது. அதனால் லேசாகத் தட்டிவிட்டு உடனே "வ"வுக்குப் போய்விட வேண்டும். இங்கே நிறையப் பேர் "யலிது வலம்" என்பார்கள், இன்னும் சிலர் தாலை விழுங்கிவிட்டு "யலிவ்வலம்" என்பார்கள். முதல் ஆயத்தின் அஹத் வேறு மாதிரி. நிறுத்தினால்தான் அங்கே கல்கலா. நிறுத்தாமல் அடுத்த ஆயத்தோடு சேர்த்து ஓதினால் அது "அஹதுனில்லாஹு" ஆகிவிடும், தாலுக்கு உகர ஒலி தருகிற பேஷ் வந்துவிட்டது, கல்கலாவுக்கு அங்கே வேலை இல்லை.

நிறுத்தினால் இன்னும் தெளிவாக வரவேண்டும் என்று இப்னுல் ஜஸரி தம் பாடலிலேயே சொல்கிறார், அவர் ஹிஜ்ரி 833இல் இறந்தவர். தெளிவாக என்றால் பலமாக என்று அர்த்தமில்லை. பலம் என்று சொன்னதும் மாணவர்கள் வயிற்றிலிருந்து அழுத்தி, முடிவில் தொண்டையையும் அடைத்துவிடுகிறார்கள், தாலுக்குப் பின்னால் ஒரு ஹம்ஸா வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சரிபார்க்க நான் மூன்று வழி வைத்திருக்கிறேன். தாடைக்குக் கீழே ஒரு விரலை வைத்துக்கொண்டு "அஹத்" சொல்லுங்கள், "ஹ"வுக்கு இறங்கிய தாடை தாலுக்கு மேலே வரும், வந்த பிறகு மறுபடி இறங்கினால் அகர ஒலி தருகிற ஸபர் சேர்ந்துவிட்டது. அடுத்து, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள், மூச்சு வந்து பட்டால் நீங்கள் சொன்னது தால் இல்லை, தா. தமிழில் இரண்டையும் "த்" என்றே எழுதுவதால் இது எக்கச்சக்கமாக நடக்கிறது. மூன்றாவது கைதட்டுவது. அ-ஹத், இரண்டு தட்டு. மூன்றாவது தட்டு தேவைப்பட்டால் எங்கேயோ உயிர் நுழைந்திருக்கிறது.

காதர்:

எனக்கு அந்த மூன்றாவது தட்டு வருகிறது. இத்தனை நாளும் மைக்கைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இளங்கோ:

ஒப்புக்கொள்கிறேன், குற்றியலுகரம் வேண்டாம். அப்படியானால் "அதிர்வெழுத்து"? கல்கலா என்ற சொல்லுக்கே அசைவு, குலுக்கல் என்றுதான் பொருள் என்று எங்கோ படித்தேன்.

மலர்:

மொழிபெயர்ப்பாளராக ஒரு எச்சரிக்கை. அதிர்வு என்றால் நாக்கு பலமுறை ஆடுகிறது என்று படும், அது ரகரத்துக்குத்தான் பொருந்தும். "அசை" இன்னும் மோசம். தமிழில் அசை என்றால் யாப்பில் வேறொன்று, அதுபோக ஹரகத் என்ற சொல்லுக்கே அசைவு என்றுதானே அர்த்தம்? ஹரகத் இல்லாத இடத்தில் வருவதற்கு "அசையெழுத்து" என்று பெயர் வைத்தால் நன்றாக இருக்கும் போங்கள்.

8ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர் ஸீபவைஹி இதை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். இந்த எழுத்துகள் தம் இடத்தில் அழுத்தப்பட்டவை, நிறுத்தும்போது வாயிலிருந்து ஒரு "ஸுவைத்" வெளிப்படும், நாக்கு தன் இடத்தை விட்டுத் தெறிக்கும் என்கிறார். ஸவ்த் என்றால் ஒலி, ஸுவைத் அதன் சிறுமை வடிவம், குட்டி ஒலி. நமக்கு வேண்டிய இரண்டும் இதிலேயே இருக்கின்றன. ஒலியைப் பார்த்துப் பெயர் வைத்தால் "சிற்றொலி எழுத்து", நாக்கைப் பார்த்து வைத்தால் "தெறிப்பெழுத்து". நான் தெறிப்பின் பக்கம். என்ன கேட்க வேண்டும் என்பதை விட என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்கிறது.

நிஜாம்:

தெறிப்பு நன்றாக இருக்கிறது. "துள்ளெழுத்து" என்றும் ஒன்று யோசித்தேன், காதுக்கு இனிமையாக இருந்தது.

இளங்கோ:

துள்ளல் கலிப்பாவின் ஓசை. தமிழ் படித்தவர்கள் குழம்புவார்கள்.

நிஜாம்:

கையேட்டைப் படிக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கலிப்பா தெரியும் ஐயா :)

ஆயிஷா:

மலர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தெறிப்பு என்ற சொல்லைக் கண்டு பயமாகவும் இருக்கிறது. "தெறி" என்றால் பிள்ளைகள் தெறிக்கவே விட்டுவிடுவார்கள். "ஸூரத்துல் மஸத்" முதல் ஆயத்தில் "வதப்" என்று நிறுத்தும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பாவுக்கு எழுத்தை இரட்டிக்கிற ஷத்து இருக்கிறது, உதட்டை மூடி ஒரு கணம் தாங்கிவிட்டு ஒரே ஒரு முறை திறக்க வேண்டும். தெறிக்கச் சொன்னால் எச்சிலோடு வரும். எதிர்ப்பக்கம் "ரப்பனா"வில் ஷத்து இருந்தாலும் நடுவில் திறக்கவே கூடாது, அங்கே தெறித்தால் "ரபபனா" ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குட்டி ஒலி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸபரின் பக்கம் என்கிறார்கள் சிலர், முந்தைய எழுத்தின் ஹரகத்தைப் பின்பற்றும் என்கிறார்கள் சிலர். எந்தப் பக்கமும் சாயாது, காஃபும் தோவும் தடித்தவை என்பதால் அவற்றின் ஒலி தடித்துக் கேட்கும், மற்ற மூன்றும் மெலிந்து கேட்கும், அவ்வளவுதான் என்று நான் சொல்லித்தருகிறேன். எங்கள் உஸ்தாத் அப்படிச் சொல்லித்தரவில்லை, அவர் ஸபர் பக்கம். சொல் எதுவானாலும் இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேராமல் இருக்க வேண்டும், தெறிப்பு அந்த வகையில் பரவாயில்லை.

மலர்:

"விடுப்பொலி"? மூடியதை விடுவிப்பது, முரட்டுத்தனமும் இல்லை.

ஆயிஷா:

விடுப்பு என்றால் லீவு என்று சிரிப்பார்களே அம்மா.

நிஜாம்:

சரி, இப்போதைக்குத் தலைப்பில் "கல்கலா" என்றே விட்டுவிட்டு, விளக்கத்தில் முதல் தடவை வரும்போது "தெறிப்பெழுத்து" என்று போட்டு, ஆயிஷா அக்காவின் தாடை விரல் பயிற்சியைப் பக்கத்திலேயே வைக்கிறேன். "எதிரொலி" முழுக்க வெளியே. மருமகனை நேற்று இரவு விரலை வைத்து ஓதச் சொன்னேன், "அஹத்-த்" போய்விட்டது, இப்போது "அஹத" என்கிறான்.

ஆயிஷா:

அது முன்னேற்றம்தான். கன்னத்தைக் கையில் தாங்கி, தாடையை மூடியே வைத்துக்கொண்டு பத்து தடவை "கத், கத்" என்று சொல்லச் சொல்லுங்கள். ஆனால் "கத் தபய்யன" மட்டும் எடுத்துக்காட்டாகக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே தால் அடுத்த தாவோடு கலந்துவிடும், கல்கலாவே வராது. "கத் அஃப்லஹ" கொடுங்கள்.