இரவில் ஒரு மில்க் திசில்: எஸ்ஜிபிடி 112, இப்போது 46

ஈரோட்டு மணி
குடிப்பவர்களை மருத்துவர்கள் வீணாகப் பயமுறுத்துகிறார்கள். நான் பதினெட்டு ஆண்டுகளாகக் குடிக்கிறேன், பெரும்பாலும் தினம் ஒரு குவார்ட்டர். நவம்பரில் ஈரல் இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 112. அன்றிலிருந்து இரவில் ஒரே ஒரு மில்க் திசில் மாத்திரை, அந்தச் செடியின் சாரமான சிலிமரின் 140 மில்லிகிராம். சபரிமலை போய் வந்த மறுநாள், ஜனவரி 5-இல் மறுபடி எடுத்தேன்: 46. மாத்திரை ஈரலைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மறுப்பவர்கள் வரலாம்.

பழைய லேப்காரன்
வந்துவிட்டேன். 31 ஆண்டுகள் ஊரார் இரத்தத்தை எடுத்துக் கை காய்த்தவன். ஒரே கேள்வி தம்பி: மாலை போட்டுத்தானே மலைக்குப் போனீர்கள்? எத்தனை நாள்?

ஈரோட்டு மணி
48 நாள். நவம்பர் 17-இல் மாலை. விரதத்தில் ஒரு குறை வைத்ததில்லை. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? எஸ்ஜிபிடி இறங்கியதா இல்லையா?

பழைய லேப்காரன்
குறை வைக்கவில்லை என்றால் 48 நாள் ஒரு சொட்டும் தொடவில்லை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயம், எடைக்கு மாற்றினால் 60 கிராம். 48 நாளுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ சாராயம் உங்கள் ஈரலுக்குள் போகாமல் நின்றிருக்கிறது. மாலை போட்டது நீங்கள், மாலை மரியாதை மட்டும் மாத்திரைக்கா?

ஈரோட்டு மணி
முதலில், நான் உங்களுக்குத் தம்பி அல்ல, வயது 49. இரண்டாவது, பக்தியைக் கேலி செய்யாதீர்கள். மூன்றாவது, 112 இறங்கி 46 ஆனதா இல்லையா, அதற்குப் பதில் இல்லை.

கிள்ளான் கோபி
வணக்கம். மணி அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே சிலிமரினைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். கொழுப்பு ஈரலுக்கு நல்லது என்று நிரூபணமாகிவிட்டது. நான் குடிப்பதே இல்லை, ஆனால் சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் உண்டு. 140 போடுவதா 700 போடுவதா என்று யாராவது சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி
வெளிநாட்டு முட்செடிக்கு இவ்வளவு வக்காலத்து! நம் வீட்டுக் கொல்லையில் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கிறது. சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் இதழிலேயே எழுதினார்கள். அதைப் படித்தீர்களா?

பழைய லேப்காரன்
படித்தேன். அது ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களைப் பற்றியது. கொழுப்பையும் குடியையும் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அந்தக் கிருமி விஷயத்திலும் பிற்பாடு வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை.

கோபி, நீங்கள் சொன்ன ஆய்வு நல்ல ஆய்வு, ஆனால் பாதியைத்தான் சொன்னீர்கள். 99 பேர். மருந்து பெற்றவர்களுக்கு 700 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 48 வாரம். ஈரல் சதையைக் கிள்ளி எடுத்து, முன்னும் பின்னும் பார்த்தார்கள். வீக்கமும் கொழுப்பும் குறைந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அதில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தழும்பு குறைந்தவர்கள் மட்டும் மருந்துப் பக்கம் 22 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 6 சதவீதம். அது ஒன்றுதான் கொஞ்சம் நம்பிக்கை தருகிற செய்தி, பெரிய ஆய்வில் உறுதிப்பட வேண்டும். அதுவும் குடியால் வந்த நோயில் பார்த்தது அல்ல. மணியின் 140 அந்த 2100-இல் பதினைந்தில் ஒரு பங்கு.

மணி, எஸ்ஜிபிடியை விடுங்கள். இரண்டு காகிதத்தையும் முழுக்க எழுதுங்கள்.

ஈரோட்டு மணி
மறைக்க என்ன இருக்கிறது?
நவம்பர்: எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 112, ஜிஜிடி 310, தட்டணுக்கள் 1.42 லட்சம்.
ஜனவரி: எஸ்ஜிஓடி 71, எஸ்ஜிபிடி 46, ஜிஜிடி 96, தட்டணுக்கள் 1.38 லட்சம்.
எல்லாம் இறங்கியிருக்கிறது. மாத்திரை.

பழைய லேப்காரன்
எல்லாம் இறங்கியிருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், தட்டணு உட்பட. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஜிஜிடி. குடியை நிறுத்தினால் அது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகும். 310, பிறகு 155, பிறகு 78. உங்கள் 48 நாளில் 96. மாத்திரையே கண்டுபிடிக்கப்படாத உலகத்திலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். அடுத்து, இரண்டு காகிதத்திலும் எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி கூடுதல். சாதாரணக் கொழுப்பு ஈரலில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். கோபியின் காகிதத்தில் எஸ்ஜிபிடிதான் கூடுதலாக இருக்கும், பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது தட்டணு. குடி, எலும்பு மஜ்ஜையை அமுக்கித் தட்டணுவைக் குறைக்கும். நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் ஏறிவிட வேண்டும். ஏழு வாரம் நிறுத்தியும் 1.38-இலேயே நின்றால் காரணம் வேறாக இருக்கலாம். ஈரல் இறுகும்போது அதற்குள் போகும் இரத்தத்தின் அழுத்தம் கூடும், மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் வயது 49-ஐ எஸ்ஜிஓடி 71-ஆல் பெருக்குங்கள், 3479. தட்டணு 138 ஆயிரத்தை எஸ்ஜிபிடி 46-இன் வர்க்கமூலமான 6.8-ஆல் பெருக்குங்கள், 938. வகுத்தால் 3.7. இந்தக் கணக்கில் 2.67-ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்கக்கூடும் என்று மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். இது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. வயிற்று ஸ்கேனும் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தீர்களா?

ஈரோட்டு மணி
எஸ்ஜிபிடி 46. காகிதத்தில் தடித்த எழுத்துக்கூட இல்லை. லேபில் பணம் பிடுங்கிய பழக்கம் உங்களை விடவில்லை.

மலர்க்கொடி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் கணவர் மாத்திரை சாப்பிடுவதில்லை, ஈரலுக்கு என்று ரோஹிதகாரிஷ்டம் குடிக்கிறார். குடியை விட்டுவிட்டேன் என்கிறார். ஆனால் 450 மில்லி பாட்டில் இரண்டு நாளில் காலி. நேற்று சமையலறையில் அலமாரிக்குப் பின்னால் ஐந்து பாட்டில்கள் அடுக்கியிருந்தன, மூடி எல்லாம் கழுவி வைத்திருந்தார். அளவு மிஞ்சினால் அந்த மருந்து கெடுதலா?

வேப்பமரத்தடி
அரிஷ்டம் ஆயுர்வேதம், சித்த மருத்துவம் அல்ல. எங்களை அதில் சேர்க்காதீர்கள்.

பழைய லேப்காரன்
யாரும் சேர்க்கவில்லை ஐயா, அந்த அம்மா கேட்டது வேறு.

அம்மா, லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, தானாக ஊறிய சாராயம் இருக்கிறது என்று சதவீதத்தோடு அச்சிட்டிருப்பார்கள், வழக்கமாக 5 முதல் 10 வரை. சொன்ன அளவில் குடித்தால் அது சொற்பம். 450 மில்லியை இரண்டு நாளில் முடித்தால், 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 28 கிராம் சாராயம், அரைக் குவார்ட்டருக்குச் சற்றுக் குறைவு. மூடியைக் கழுவி வைப்பவருக்கு அது மருந்து இல்லை என்று தெரியும். சண்டை போடாமல் குடிநோய்ப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது கை நடுக்கமோ வலிப்போ வந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மருந்துக்கடை மாடசாமி
எல்லோரும் கடைக்கு வந்து ‘லிவ்.52-இல் மில்க் திசில் இருக்கிறதுதானே’ என்று கேட்கிறார்கள். இல்லை. அதில் காசினி, மணத்தக்காளி, மருதம்பட்டை எல்லாம் உண்டு, மில்க் திசில் கிடையாது. இன்னொன்று, இணையத்தில் வாங்கும் டப்பாவில் 1000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சிலிமரின் எவ்வளவு என்று சிறிய எழுத்தில் தேடுங்கள், சில நேரம் அந்த வரியே இருக்காது.

வேப்பமரத்தடி
மணத்தக்காளி! பார்த்தீர்களா, கடைசியில் நம் கீரைதான்.

பழைய லேப்காரன்
கீரையை வத்தக்குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. அந்த லிவ்.52 மாத்திரையைக் குடியால் ஈரல் கெட்டவர்களிடம் இலங்கையில் ஆறு மாதம் சோதித்து 2003-இல் எழுதினார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தென்படவில்லை. சிலிமரினுக்கும் பார்சிலோனாவில் குடியால் ஈரல் சுருங்கிய 200 பேரை இரண்டு ஆண்டு பார்த்தார்கள், 1998. உயிர் பிழைத்தவர்கள் கணக்கில் பயன் இல்லை.

மருந்துக்கடை மாடசாமி
ஐயா, வியன்னாவில் 1989-இல் வந்ததையும் சொல்லுங்கள். 170 பேர், சிலிமரின் சாப்பிட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். பிடித்ததை மட்டும் சொல்வது லேப்காரருக்கு அழகா?

பழைய லேப்காரன்
சொல்லலாம். அங்கே 140-ஐ மூன்று வேளை கொடுத்தார்கள். இரண்டு ஊரும் இரண்டு விதமாகச் சொல்வதால்தான் யாரும் அடித்துச் சொல்வதில்லை. அதற்காகத் தினம் ஒரு குவார்ட்டருக்கு மேல் ஒரு மாத்திரை என்று எந்த ஊரிலும் சொல்லவில்லை.

மணி, இன்னொரு கேள்வி. இது எத்தனையாவது மலை?

ஈரோட்டு மணி
ஒன்பதாவது ஆண்டு. பெருமையோடு சொல்வேன்.

பழைய லேப்காரன்
சென்ற ஆண்டும் மாலை உண்டு, மாத்திரை இல்லை. அப்போது தை மாதத்தில் இரத்தம் எடுத்தீர்களா?

ஈரோட்டு மணி
அலுவலகத்தில் எடுத்தார்கள். காகிதம் பீரோவில் எங்கோ கிடக்கும். தேட நேரமில்லை. நீங்கள் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நிரூபிக்க முடியுமா?

பழைய லேப்காரன்
முடியாது. உங்கள் பீரோ நிரூபிக்கும். மாலையைக் கழற்றி இரண்டு வாரம் ஆகிறது, இப்போது குடிக்கிறீர்களா?

ஈரோட்டு மணி
அது என் சொந்த விஷயம்.

ஐயப்ப தாசன்
இவ்வளவு நேரம் படித்தேன். மண்டலம் என்பது 41 நாள். 48 என்று எந்தக் குருசாமி சொன்னார்? தவறான தகவலைப் பரப்பாதீர்கள்.

ஈரோட்டு மணி
கேரளத்தில் 41. எங்கள் பக்கம் ஒரு மண்டலம் 48 நாள்தான். என் குருசாமி 26 முறை மலை ஏறியவர்.

ஐயப்ப தாசன்
என் குருசாமி 33 முறை. 41.

பழைய லேப்காரன்
41 நாளானாலும் ஜிஜிடி கணக்கு ஒத்துவரும் சாமிகளே. தட்டணு 1.38, மணி. ஸ்கேன்.

கிள்ளான் கோபி
இரண்டாவது முறையாகக் கேட்கிறேன். என் காகிதத்தைப் பார்த்தேன், எஸ்ஜிபிடி 68, எஸ்ஜிஓடி 41. எடை 92 கிலோ. 140-ஆ 700-ஆ?

மருந்துக்கடை மாடசாமி
92-ஐ 85 ஆக்குங்கள், தம்பி. என் கடையில் அதற்கு மாத்திரை இல்லை.

கிள்ளான் கோபி
அது தெரியும் அண்ணன். 140-ஆ 700-ஆ என்றுதான் கேட்டேன்.

ஈரோட்டு மணி
குருசாமியிடம் இப்போது தொலைபேசியில் கேட்டுவிட்டேன். 48தான். 41 என்றவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.