மாற்றுத்திறனாளி மகனுக்கான குடும்ப அறக்கட்டளை: அறங்காவலர் தேர்வு குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு 24 வயதாகிறது. திருச்சியில் உள்ள வீட்டையும், வாடகை வரும் ஒரு கடையையும் அவனுக்காக ஒரு தனியார் அறக்கட்டளையின் பெயரில் பதிவுசெய்ய விரும்புகிறோம். எங்கள் காலம் வரை நானும் மனைவியும் அறங்காவலர்களாக இருப்போம்; அதற்குப் பிறகு யார் என்பதில்தான் சிக்கல்.

மகள் சிங்கப்பூரில் குடியேறிவிட்டாள். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, அறங்காவலர் தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லாவிட்டாலோ, வெளிநாட்டில் வசிக்கச் சென்றுவிட்டாலோ, அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கலாம். எனவே அன்றாடப் பொறுப்பை மைத்துனரிடம் தந்து, புதிய அறங்காவலரை நியமிக்கும் அதிகாரத்தை மட்டும் பத்திரத்திலேயே மகளுக்கு வழங்கலாமா என யோசிக்கிறோம்.

மைத்துனர் நம்பிக்கையானவர். ஆனால் மகனுக்குப் பின் சொத்து மைத்துனரின் பிள்ளைகளுக்குச் சேரும் என்று எழுதினால், மகனுக்காகச் செலவாகாத ஒவ்வொரு ரூபாயும் அவர் குடும்பத்துக்கே மிஞ்சும். அவரைச் சந்தேகிக்கவில்லை, இருப்பினும் இந்த ஏற்பாடு தவறென்றே எனக்குப் படுகிறது. ஆகவே உறவல்லாத மூன்றாவது அறங்காவலர் ஒருவரும் வேண்டும் என நினைக்கிறேன்.

இவ்வாறு பத்திரம் எழுதியவர்கள், மூன்றாமவராக யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள், அவருக்கு ஊதியம் வைத்தீர்களா, சொத்தை விற்க மூவரின் ஒப்புதலும் கட்டாயம் என்று எழுதினீர்களா என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர் அளவிலான குழு நியமிக்கும் பாதுகாவலரும் அறங்காவலரும் ஒருவராகவே இருப்பதில் நடைமுறைச் சிரமம் ஏதேனும் உண்டா?