லாகின் இல்லாத ஆப்ல புகாருக்குப் பதில் அனுப்புவது எப்படி?

கடைக்காரங்களுக்கான சின்ன ஆண்ட்ராய்டு பில்லிங் ஆப் நடத்துறேன். பிரிண்டர் கனெக்ட் ஆகலைன்னா நேரா ப்ளே ஸ்டோர்ல ஒரு ஸ்டார் போட்டுடுறாங்க. அங்க நாம பதில் எழுத 350 எழுத்துதான். எந்த பிரிண்டர்னு கேட்டா ஆளே திரும்பி வர்றதில்ல.

இப்ப "உதவி" பட்டன் `mailto:` திறக்குது. மெயில் ஆப் இல்லாத போன்ல அழுத்தினா ஒண்ணுமே நடக்கல. அதனால ஆப்புக்குள்ளேயே ஃபார்ம் வச்சு, வெர்ஷன், போன் மாடல், கடைசி எரர் மூணையும் தானா சேர்த்து ஃபயர்ஸ்டோருக்கு அனுப்பப் போறேன்.

சிக்கல் பதில் அனுப்புறதுலதான். எஃப்சிஎம் டோக்கனை நம்பினா, ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போட்டதும் அது மாறிடுது. போன் நம்பர் கேட்டா நிரப்புவாங்களா? யாராவது செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்க.

"ஆப் பிடிச்சிருக்கா"ன்னு கேட்டு, பிடிச்சவங்களை மட்டும் ரிவ்யூவுக்கு அனுப்புற யோசனை வேண்டாம். கூகுள் வழிகாட்டுதல்ல அது கூடாதுன்னு இருக்கு.