விசா விண்ணப்பப் போட்டோ: எது அச்சு, எது பதில்? உதவி வேண்டும்

வணக்கம். சத்துவாச்சாரியில் தட்டச்சு, மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறேன். குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர், கையெழுத்துப் போடும் முன் தமிழில் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஷெங்கன் விசா விண்ணப்பத்தின் வாட்ஸ்அப் போட்டோவைக் கொடுத்திருக்கிறார். கணினியிலேயே நிரப்பியது, அதனால் கேள்வியும் பதிலும் ஒரே மாதிரி எழுத்தில் இருக்கின்றன.

வலது ஓரத்தில் அலுவலக உபயோகத்துக்கான பத்தியில் 'மறுக்கப்பட்டது', 'வழங்கப்பட்டது' என்று இரண்டும் அச்சிலேயே இருக்கும். பக்கத்துக் கட்டம் காலி என்பதைக் காட்டாமல் வார்த்தையை மட்டும் தமிழாக்கினால், விசா மறுக்கப்பட்டதாகவே அவர் நினைத்துக்கொள்வார். அதனால் அதே படிவத்தின் வெற்றுப் பிரதியைப் பதிவிறக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அதில் உள்ளதெல்லாம் அச்சு, கூடுதலாக இருப்பதுதான் பதில். பதில்களைத் தடித்த எழுத்தில் போட்டு, காலி இடங்களில் 'நிரப்பப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இதுவரை சரி.

சிக்கல் திருமண நிலைக் கேள்வியில். மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர் என எல்லாமே அச்சு. எந்தக் கட்டத்தில் குறி என்பதுதான் பதில். தாளின் மடிப்புக் கோடு 'மணமானவர்', 'துணையை இழந்தவர்' இரண்டு கட்டங்களின் மேலும் போகிறது. பெரியவரின் மனைவி காலமாகிவிட்டார், ஆனால் எனக்குத் தெரிந்ததை வைத்துக் குறி போடுவது மொழிபெயர்ப்பு ஆகாது. தவறான கட்டத்தில் குறி இருந்தால் அவருக்குத் தெரிய வேண்டுமே.

மூலத்தாள் ஏஜென்ட்டிடம் இருக்கிறது, வேறு போட்டோ கேட்டிருக்கிறேன். அது வராவிட்டால் 'குறி தெளிவாக இல்லை' என்று அந்தக் கட்டங்களுக்குப் பக்கத்திலேயே எழுதுவீர்களா, அடிக்குறிப்பாகவா? மடிப்பையும் டிக்கையும் பிரித்துப் பார்க்க போட்டோவில் ஏதாவது வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.